அன்சர்டெயின்டி பயிற்சிக்குக் கட்டணம் கேட்டு விண்ணப்பம்

கோயம்புத்தூர்,
08.06.2026

அனுப்புநர்:
கார்த்திக்,
இளநிலை டெக்னீஷியன், டைமென்ஷன் பிரிவு.

பெறுநர்:
உயர்திரு நிர்வாக இயக்குநர் அவர்கள்,
அளவுத்திருத்த ஆய்வகம்.

பொருள்: அளவீட்டு நிச்சயமின்மை குறித்த மூன்று நாள் பயிற்சிக்கு அனுப்பிக் கட்டணம் செலுத்த வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். டைமென்ஷன் பிரிவில் நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் நான்கு மாதம் ஆகிறது. நாம் தினமும் அன்சர்டெயின்டி என்று சொல்லும் விஷயத்தில் வருகிற ஜூலை 9 முதல் 11 வரை சென்னையில் ஒரு பயிற்சி நடக்கிறது. அதற்கு என்னை அனுப்ப வேண்டும் என்று கேட்கவே இந்தக் கடிதம்.

ஏன் கேட்கிறேன் என்பதற்குக் காரணம் மார்ச் மாதம் வந்த அந்தப் போன்தான். உங்களுக்கும் நினைவிருக்கும். பம்ப் உதிரிபாகம் செய்யும் ஒரு வாடிக்கையாளரின் டிஜிட்டல் டயல் கேஜுக்குச் சான்றிதழ் கொடுத்திருந்தோம். அவர்களுடைய குவாலிட்டி பொறுப்பாளர் கூப்பிட்டு, "தம்பி, எங்க கேஜில் கடைசி இலக்கமே 10 மைக்ரான்தான் காட்டும். நீங்க அன்சர்டெயின்டி 1.8 மைக்ரான்னு போட்டிருக்கீங்களே, எப்படி?" என்று கேட்டார். போனை எடுத்தவன் நான். பார்த்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

நடந்தது இதுதான். முந்தைய வாரம் 0.001 மி.மீ. காட்டும் கேஜ் ஒன்றுக்குப் போட்ட எக்செல் தாளை அப்படியே நகல் எடுத்து, ரீடிங்கை மட்டும் மாற்றினேன். ரெசல்யூஷன் கட்டத்தைத் தொடவில்லை. அதில் 0.0005 மி.மீ.யை √3-ஆல் வகுத்து 0.29 மைக்ரான் என்று நின்றது. இந்தக் கேஜுக்கு 0.005 மி.மீ.யை வகுத்து 2.9 மைக்ரான் வந்திருக்க வேண்டும். அந்த ஒரு வரி மட்டுமே, இரண்டால் பெருக்கினால் 5.8 மைக்ரான். நான் அச்சடித்ததோ, எல்லா வரியும் சேர்ந்து 1.8. நமது தாள் சி.எம்.சி.க்குக் கீழே போனால் மட்டுமே சிவப்பாகக் காட்டும்; 1.8 அதற்கு மேலே இருந்ததால் பச்சையிலேயே ஓடிவிட்டது.

என்னை இன்னும் உறுத்துவது வேறு ஒன்று. அந்தக் கேஜில் ஐந்து ரீடிங்கும் ஒன்றுபோல வந்தன. ரிப்பீட்டபிலிட்டி பூஜ்யம். நல்ல கேஜ் என்று அன்றைக்குச் சந்தோஷப்பட்டேன். 10 மைக்ரானுக்குக் குறைந்த அசைவை அந்த டிஸ்பிளேவால் காட்டவே முடியாது, அதனால்தான் பூஜ்யம் என்று அப்போது தோன்றவில்லை. தோன்றியிருந்தால் ரெசல்யூஷன் வரியை அன்றைக்கே பார்த்திருப்பேன்.

திருத்திய சான்றிதழில் 6.0 மைக்ரான் போட்டோம். அந்தக் கேஜைத் திரும்ப வாங்கிவர ஒரு நடை, மறுபடி அளக்க அரை நாள், திருத்தச் சான்றிதழ், காரணம் கண்டறிந்து எழுதும் படிவம். இவை போகட்டும், வாடிக்கையாளர் முன்னால் நின்ற நிலை இருக்கிறதே, அதற்குக் கணக்கு போட முடியாது.

திருத்தும்போது இன்னொரு கேள்வியும் வந்தது. ஒரே ஒரு காரணி மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும்போது, அதுவும் செவ்வகப் பரவலாக இருக்கும்போது, வழக்கமான k = 2 பொருந்துமா, 1.65 போட வேண்டுமா? 1.65 என்றால் விடை 5.0 மைக்ரான். குறைத்துச் சொல்வதைவிடக் கூட்டிச் சொல்வது மேல் என்று டெக்னிக்கல் மேனேஜர் 2-ஐயே வைத்தார். எனக்கும் அது சரியென்றே பட்டது. ஆனால் எந்த இடத்தில் எதைப் போடுவது, ஏன் என்று யாராவது என்னைக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

தானாகப் படித்துக்கொள்ளலாமே என்று நீங்கள் நினைக்கலாம். முயற்சி செய்தேன், ஐயா. யூடியூபில் நிறையப் பார்த்தேன், கைடையும் திறந்து உட்கார்ந்தேன். டைப் ஏ, டைப் பி வரைக்கும் புரிகிறது. சென்சிட்டிவிட்டி கோஎஃபிஷியன்ட் வந்ததும் டிப்ளமோ கணக்கோடு முட்டி நிற்கிறேன். உதாரணத்துக்கு, எஃகுக்கு விரிவு டிகிரிக்கு 11.5 மைக்ரான் ஒரு மீட்டருக்கு என்று தெரியும். 100 மி.மீ. கேஜ் பிளாக் 20 டிகிரியிலிருந்து ஒரு டிகிரி விலகினால் 1.15 மைக்ரான் மாறும் என்று போட்டுவிடுவேன். ஆனால் மாஸ்டரும் வந்த பொருளும் இரண்டுமே எஃகாக இருக்கும்போது அந்த 1.15 முழுசாக வருமா, வித்தியாசம் மட்டும் வருமா என்றால் தயங்குகிறேன். இந்த மாதிரி இடத்தில் எதிரே ஒருவர் உட்கார்ந்து, என் தாளையே பார்த்துத் திருத்த வேண்டும். இந்தப் பயிற்சியில் இரண்டாம் நாள் முழுக்க அவரவர் பட்ஜெட்டைக் கொண்டுவந்து போடும் பயிற்சிதான் என்று அறிவிப்பில் இருக்கிறது.

வருகிற ஆகஸ்டில் நமக்கு என்.ஏ.பி.எல். மதிப்பீடு இருக்கிறது. ஐ.எஸ்.ஓ./ஐ.இ.சி. 17025:2017-இல் 7.6 அன்சர்டெயின்டியையும், 6.2 வேலை செய்பவரின் தகுதியையும் கேட்கிறது. அன்றைக்கு மதிப்பீட்டாளர் பட்ஜெட் தாளை டெக்னிக்கல் மேனேஜரிடம் கேட்பதோடு நிறுத்துவாரா, அளந்த என்னிடமும் கேட்பாரா, யாருக்குத் தெரியும். கேட்டால், "இது முன்பே இருந்த தாள், சார்" என்று சொல்ல எனக்கு விருப்பமில்லை.

செலவு விவரம்: கட்டணம் 12,000 ரூபாய், 18 சதவீத ஜி.எஸ்.டி. 2,160, ஆக 14,160 ரூபாய். தங்குவதற்குப் பெரம்பூரில் சித்தி வீடு இருக்கிறது, அதற்குச் செலவில்லை. போக்குவரத்துச் செலவை நானே பார்த்துக்கொள்கிறேன். என் மாதச் சம்பளம் 16,500 ரூபாய் என்பதால் கட்டணத்தையும் நானே கட்டுவது கஷ்டம். ஒரேயடியாகக் கொடுப்பது ஆய்வகத்துக்குச் சிரமம் என்றால், பாதியை முன்பணமாகக் கணக்கில் வைத்து என் சம்பளத்தில் மாதம் 1,000 ரூபாய் பிடித்துக்கொண்டாலும் சம்மதம்.

அந்த மூன்று நாள் வியாழன், வெள்ளி, சனி. என் பெஞ்சைப் பார்த்துக்கொள்வதாக மகேஸ்வரி அக்கா ஒத்துக்கொண்டிருக்கிறார். அந்த வாரம் அவருடைய சைட் வேலை எதுவும் இல்லை என்று ரெஜிஸ்டரில் பார்த்தேன்.

திரும்பி வந்ததும் டயல் கேஜ், மைக்ரோமீட்டர், காலிப்பர், ஹைட் கேஜ் ஆகிய நான்கு தாள்களையும் ஜூலைக்குள் மறுபடி போட்டு டெக்னிக்கல் மேனேஜரிடம் கொடுக்கிறேன். ரெசல்யூஷன் கட்டம் காலியாகவே திறக்கும்படியும், நிரப்பாமல் விடை வராதபடியும் வைத்துவிட்டால் நான் செய்த தப்பை இன்னொருவர் செய்ய முடியாது. பிரிவில் உள்ள மற்ற இருவருக்கும் இரண்டு சனிக்கிழமை மதியம் உட்கார்ந்து சொல்லித்தருகிறேன். ஒரு வருடத்துக்குள் நான் வேலையை விட்டுப்போனால், கட்டணத்தில் மீதி மாதங்களுக்கு உரியதைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று எழுதிக்கொடுக்கவும் தயார்.

பதிவுக்குக் கடைசி நாள் ஜூன் 25. அதற்கு முன் தங்கள் முடிவு தெரிந்தால் டிக்கெட் போட்டுவிடுவேன். நேரில் பேச வேண்டும் என்றால் எந்த நாள் மாலை ஐந்து மணிக்கு மேல் கூப்பிட்டாலும் வருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கார்த்திக்

இணைப்பு: பயிற்சி அறிவிப்பு, மார்ச் மாதத் திருத்தச் சான்றிதழின் நகல், பழைய, புதிய எக்செல் தாள்களின் அச்சு.