கயல்விழிக்கு: 17, 21 ஆகிய கேள்விகள் பற்றி

அன்புள்ள கயல்விழி,

விடைத்தாளுக்குள் நீ செருகி வைத்திருந்த கடிதத்தைப் படித்தேன். “17-க்கு x = 3, 21-க்கு 60. இரண்டுக்கும் நீங்களே டிக் போட்டிருக்கிறீர்கள். அப்புறம் ஏன் மிஸ் 5-க்கு 1?” என்று கேட்டிருக்கிறாய். மனதுக்குள் வைத்துக்கொண்டு வருந்தாமல் கேட்டாயே, அது நல்லது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீ யாரையும் பார்த்து எழுதியிருப்பாய் என்று நான் நினைக்கவில்லை. அந்தச் சந்தேகத்தில் குறைத்த மதிப்பெண் இல்லை இது. கேள்வி கேட்டதில் ஒரு பகுதிக்குத்தான் தாளில் பதில் இருந்தது, அவ்வளவுதான்.

17-ஆம் கேள்வி √(x + 6) = x என்ற சமன்பாட்டைத் தீர்க்கச் சொல்கிறது. ‘தீர்க்க’ என்றால் இரண்டு வேலை. பொருந்துகிற எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும். அதைத் தவிர வேறு எந்த எண்ணும் பொருந்தாது என்றும் காட்ட வேண்டும். 3 பொருந்துகிறது, √9 = 3. முதல் வேலை முடிந்தது. இரண்டாவது வேலைக்கு உன் தாளில் ஒரு வரிகூட இல்லை.

“ஒன்று கிடைத்துவிட்டதே, இன்னொன்று எதற்கு?” என்று தோன்றினால் √(3x − 2) = x என்பதை எடுத்துக்கொள். 1 போட்டுப் பார், √1 = 1, பொருந்துகிறது. அங்கேயே நிறுத்தினால் தவறு, ஏனென்றால் 2-உம் பொருந்துகிறது: √4 = 2. எண்களைப் போட்டுப் பார்க்கும் வழியில் எங்கே நிறுத்துவது என்று தெரியாது. முறைப்படி போனால் அது தானாகத் தெரிந்துவிடும்:

இருபுறமும் வர்க்கப்படுத்த, x + 6 = x²
x² − x − 6 = 0
(x − 3)(x + 2) = 0
x = 3 அல்லது x = −2
x = 3 எனில் √9 = 3, பொருந்தும்.
x = −2 எனில் இடப்பக்கம் √4 = 2, வலப்பக்கம் −2, பொருந்தாது.
எனவே x = 3

வர்க்கப்படுத்தியதற்கு 1, காரணிப்படுத்தியதற்கு 1, இரண்டு மதிப்புகளுக்கும் சேர்த்து 1, சரிபார்த்ததற்கு 1, விடைக்கு 1. உனக்குக் கிடைத்தது அந்தக் கடைசி 1. இந்தக் கணக்கின் உயிரே −2 இருக்கும் வரிதான். 2-க்கும் −2-க்கும் வர்க்கம் 4 என்பதால், வர்க்கப்படுத்தும்போது குறி அழிந்துபோய், முதலில் இல்லாத ஒரு மதிப்பு உள்ளே நுழைந்துவிடுகிறது. அதைப் பிடித்து வெளியே தள்ளத் தெரிகிறதா என்று பார்க்கத்தான் இந்தக் கேள்வியையே வைத்தேன். நீ −2-ஐப் பார்த்துத் தள்ளினாயா, அல்லது பார்க்கவே இல்லையா? உன் தாளை வைத்துக்கொண்டு என்னால் சொல்ல முடியவில்லை.

21-ஆம் கேள்வியில் செவ்வகத்தின் சுற்றளவு 34 செ.மீ., மூலைவிட்டம் 13 செ.மீ., பரப்பளவு எவ்வளவு என்று இருந்தது. உன் தாளின் வலது ஓரத்தில் பென்சிலால் 5, 12 என்று எழுதி அழித்த தடம் தெரிகிறது. 5, 12, 13 உனக்கு மனப்பாடம், அதனால் சட்டென்று பிடித்துவிட்டாய். கூர்மையான கண். ஆனால் அதை ஏன் அழித்தாய்? அதையே “5 + 12 = 17, 25 + 144 = 169” என்று பேனாவால் எழுதியிருந்தால் 3 மதிப்பெண் போட்டிருப்பேன். இந்த அளவுகளுக்கு வேறு செவ்வகம் கிடையாது என்பதற்குக் காரணம் சொன்னால் முழு 5.

சுற்றளவு 32, மூலைவிட்டம் 12 என்று மாற்றிக் கொடுத்திருந்தால் என்ன செய்திருப்பாய்? பக்கங்கள் 8 + 2√2, 8 − 2√2 என்று வரும். ஊகித்துப் பிடிக்கிற எண்களா இவை? ஆனால் பக்கங்களைத் தனித்தனியே கண்டுபிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. வினாத்தாளில் இருந்த அளவுகளுக்கே வருகிறேன். நீளம் l, அகலம் b:

l + b = 17, l² + b² = 169
(l + b)² = l² + b² + 2lb
289 = 169 + 2lb
lb = 60 ச.செ.மீ.

அதே நான்கு வரி 32, 12-க்கும் ஓடும்: 256 = 144 + 2lb, பரப்பளவு 56.

ஸ்டெப் எழுதுவதில் உனக்கே ஒரு லாபமும் இருக்கிறது. அவசரத்தில் 289 − 169-ஐ 110 என்று கழித்துவிட்டாய் என்று வைத்துக்கொள், விடை 55 ஆகிவிடும். வழி எழுதியிருந்தால் கழித்தலில் சறுக்கியதற்கு 1 போகும், 4 நிற்கும். வெறும் 55 என்று மட்டும் இருந்தால் பூஜ்யம்தான், எங்கே சறுக்கினாய் என்று தேடக்கூட இடமில்லை.

இனி எழுதத் தொடங்கும்போது ஒரு தவறு வராமல் பார்த்துக்கொள். உன் ரஃப் நோட்டில் 17² = 289 − 169 = 120 ÷ 2 = 60 என்று ஒரே வரியில் ஓட்டும் பழக்கம் இருக்கிறது. படித்துப் பார், 17-இன் வர்க்கம் 60 என்கிறது அந்த வரி. ‘=’ போட்டால் இருபுறமும் சமமாக இருந்தாக வேண்டும்; ‘அடுத்து’ என்று சொல்ல அந்தக் குறி இல்லை. ஒவ்வொரு சமன்பாட்டுக்கும் தனி வரி கொடு.

எல்லாவற்றையும் எழுத நேரம் போதாது என்கிறாய். எல்லாவற்றையும் கேட்கவில்லை. 7 × 8 = 56-க்கு விளக்கம் வேண்டாம். பக்கத்து பெஞ்சில் இருப்பவள் உன் தாளைப் படித்துக்கொண்டே வந்து எந்த வரியில் “இது எப்படி வந்தது?” என்று நிற்பாளோ, அந்த வரிக்கு மட்டும் காரணம் எழுது. “வர்க்கப்படுத்த”, “பிதாகரஸ் தேற்றப்படி” என்று ஓரிரு சொல் போதும். ஒன்றை விலக்கினால் மட்டும் ஏன் விலக்கினாய் என்று முழுதாக எழுது.

வாக்கியமாகத்தான் எழுத வேண்டும் என்றும் இல்லை. உன் தாளை மறுபடி பார்த்தபோது 9-ஆம் கேள்வியில் நிற்க வேண்டியதாயிற்று. இருசமபக்க முக்கோணத்தில் சம பக்கங்களுக்குக் கோடு போட்டுக் குறித்து, அவற்றுக்கு எதிரே 70°, 70° என்று எழுதி, உச்சியில் 180 − 140 = 40 என்று காட்டியிருக்கிறாய். காரணம் முழுவதும் படத்திலேயே இருக்கிறது. அங்கே நான் 1 குறைத்தது சரியில்லை, சேர்த்துவிட்டேன். உன் மொத்தம் இப்போது 69. 17-உம் 21-உம் மாறவில்லை.

வியாழக்கிழமை கடைசி வகுப்பு முடிந்ததும் ஆசிரியர் அறைக்கு வா. √(x + 7) = x − 5 என்பதைத் தீர்த்து எடுத்துக்கொண்டு வா. ஓரத்தில் என்ன எழுதினாலும் அழிக்காதே, அதையும் நான் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
உன் கணித ஆசிரியை