காரைக்குடிக் கடைக்கான கணக்குத் தலைப்புப் பட்டியல்

தம்பி, கடை திறப்பதற்கு முன்னால் டாலியில் ஏற்ற வேண்டிய பட்டியல் இது. நீ கொடுத்த நோட்டில் 90 தலைப்பு இருந்தது, நான் அதை 56 ஆகக் குறைத்துவிட்டேன், கோபப்படாதே. மாதக் கடைசியில் நீயும் அப்பச்சியும் உட்கார்ந்து எதைக் கேட்பீர்கள் என்று யோசித்தேன். கறிக்கு எவ்வளவு போச்சு, ஆளுக்கு எவ்வளவு போச்சு, டெலிவரி ஆப்பில் விற்றது நமக்குக் கட்டுபடியாகிறதா, விருந்து ஆர்டரில் மிஞ்சுகிறதா. இந்தக் கேள்விகளில் ஒன்றுக்காவது பதில் சொல்லாத தலைப்பை எடுத்துவிட்டேன்.

நம்பர் எல்லாம் நாலு இலக்கம். முதல் இலக்கம் வகையைச் சொல்லும், கடைசி இலக்கத்தைக் காலியாக விட்டிருக்கிறேன், நடுவில் ஏதாவது நுழைக்க வேண்டி வந்தால் இடம் இருக்கும். தலைப்பின் பெயரிலேயே நம்பரையும் சேர்த்து ஏற்று, "5010 ஆட்டுக்கறி" என்று, அப்போதுதான் ரிப்போர்ட்டில் வரிசையாக நிற்கும்.

விற்பனையிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் எல்லோரும் தப்பு பண்ணுகிற இடம் அதுதான்.

4010 கடையில் உட்கார்ந்து சாப்பிட்டது
4020 பார்சல்
4030 டெலிவரி ஆப்
4040 விருந்து ஆர்டர்
4090 தள்ளுபடி (கழிக்க)

அவ்வளவுதான். நீ சாப்பாடு, பணியாரம், கோழிக் குழம்பு, காடை வறுவல் என்று எழுதியிருந்தாய். எந்த ஐட்டம் எத்தனை போச்சு என்பதை பில் மெஷின் சொல்லும், அதன் வேலை அது. அதை இங்கேயும் கொண்டுவந்தால் "பார்சலில் போன காடை" எந்தத் தலைப்பில் உட்காரும்? எந்த வழியாக விற்றது என்பது ஒரு கேள்வி, எதை விற்றது என்பது இன்னொரு கேள்வி, ரெண்டையும் ஒரே தலைப்பில் போட்டுக் குழப்பினால் ரெண்டுக்கும் பதில் வராது.

4030-ல் ஆப்பிலிருந்து பேங்குக்கு வந்த தொகையை எழுதக் கூடாது, இதைப் பெரிய எழுத்தில் கல்லாவுக்கு மேலே ஒட்டி வை. வரி நீங்கலாக 1,000 ரூபாய்க்கு ஆர்டர் என்று வைத்துக்கொள். கமிஷன் 23 சதவீதம் என்றால் 230, அந்தக் கமிஷன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 41.40, டிடிஎஸ் 0.1 சதவீதம் 1 ரூபாய், பேங்குக்கு வருவது 727.60. விற்பனையாக 1,000-த்தை 4030-ல் வரவு வை, 271.40-ஐ 7070-ல் செலவு வை, 1 ரூபாயை 1070-ல் வை. 727.60-ஐ மட்டும் விற்பனை என்று எழுதினால் கமிஷன் எங்கேயும் தெரியாது, ஆப்பில் விற்பது லாபமா நஷ்டமா என்று வருஷம் முழுக்க தெரியாமலே ஓடும். ஆப் வழி விற்பனைக்கு ஜிஎஸ்டியை 2022 ஜனவரி 1-லிருந்து ஆப் கம்பெனியே கட்டுகிறது, அதனால் 4030-க்கு எதிரே 2040, 2050-ல் ஒன்றும் ஏறாது. மற்ற மூன்றுக்கும் ஏறும்.

சரக்கு.

5010 ஆட்டுக்கறி
5020 கோழி, காடை
5030 மீன், நண்டு, இறால்
5040 அரிசி, பருப்பு
5050 மசாலா சாமான்
5060 எண்ணெய், நெய்
5070 காய்கறி, தேங்காய், வாழை இலை
5080 பால், தயிர், முட்டை
5100 பார்சல் டப்பா, பை
5190 ஆட்களுக்குப் போட்ட சாப்பாடு (கழிக்க)

கறியையும் கோழியையும் ஏன் பிரித்தேன்? புரட்டாசியில் நிறைய வீட்டில் கறி எடுக்க மாட்டார்கள், கடையிலும் அந்தப் பக்கம் கை குறையும். 5010 விற்பனைக்குத் தக்கபடி குறையாமல் அப்படியே நின்றால் கறி வீணாகிறது அல்லது எடையில் கை வைக்கிறார்கள் என்று அர்த்தம். எல்லாவற்றையும் "அசைவம்" என்று ஒரே மூட்டையாகக் கட்டினால் இது தெரியாது. அதே சமயம் கல்பாசி, மராட்டி மொக்கு, அன்னாசிப்பூ, சோம்பு என்று தனித்தனியாக வேண்டாம், 5050 ஒன்று போதும்.

மசாலாவை ஆச்சியிடம் மொத்தமாக மூன்று மாதத்துக்கு வாங்கப் போகிறாய். வாங்கிய மாதத்தில் முழுத் தொகையும் செலவாக நின்றால் அந்த மாதம் நஷ்டம் மாதிரியும் அடுத்த ரெண்டு மாதம் கொள்ளை லாபம் மாதிரியும் தெரியும். மாதக் கடைசி ராத்திரி கடை சாத்தினதும் தராசை எடுத்து வைத்து இருப்பை எண்ணி எழுது. ஆரம்ப இருப்பு, கூட்டு வாங்கியது, கழி கடைசி இருப்பு, அதுதான் அந்த மாதச் செலவு. எல்லாவற்றையும் எண்ண வேண்டாம், அரிசி, எண்ணெய், மசாலா, ஃப்ரீஸரில் இருக்கிற மாமிசம், பார்சல் டப்பா, இவை ஐந்து போதும். கறிவேப்பிலையை யாரும் எடை போட மாட்டார்கள்.

இன்னொன்று. நாம் 5 சதவீத ஜிஎஸ்டியில் பதிகிறோம், அந்த விகிதத்தில் வாங்கும்போது கட்டிய வரியைத் திரும்ப எடுக்க முடியாது. அதனால் "இன்புட் ஜிஎஸ்டி" என்று தலைப்பே இல்லை. எண்ணெய் பில்லில் இருக்கிற வரி எண்ணெயோடு சேர்ந்து 5060-க்கே போகும், டப்பாவில் இருக்கிற வரி 5100-க்கு. முன்பு நான் கணக்கு பார்த்த ஒரு கடையில் இந்த வரியைத் தனியாகச் சொத்துப் பக்கம் சேர்த்துக்கொண்டே போயிருந்தார்கள், ரெண்டு வருஷம் கழித்து ஒருநாள் அத்தனையையும் செலவில் தள்ள வேண்டி வந்தது. அதுவரை காட்டின லாபத்தில் பாதி காற்று. அதே கடையில் கறிக்கு மூன்று தலைப்பு, மூன்று கறிக்கடைக்காரர் பெயரில். யாருக்கு எவ்வளவு பாக்கி என்பது 2010-க்குக் கீழே கடைக்காரர் பெயரில் நிற்க வேண்டிய விஷயம், செலவுத் தலைப்பில் ஆள் பெயர் வரவே கூடாது.

ஆள்கூலி.

6010 மாஸ்டர், சமையல் ஆட்கள்
6020 சப்ளை, பில் கவுண்டர்
6030 தினக்கூலி, பாத்திரம் துலக்குவது
6040 ஆட்கள் சாப்பாடு
6050 போனஸ், தீபாவளித் துணி

6040-க்கு வருகிற தொகையும் 5190-ல் கழிகிற தொகையும் ஒன்றே. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 80 ரூபாய் என்று வைத்துக்கொள், எட்டு பேர், முப்பது நாள், 19,200. இதைப் பிரிக்காவிட்டால் சரக்குச் செலவு வீங்கித் தெரியும், நீ போய் மாஸ்டரிடம் சண்டை போடுவாய், பாவம் அவர்.

நடத்துகிற செலவு.

7010 வாடகை
7020 மின்சாரம்
7030 கேஸ், விறகு
7040 தண்ணீர் லாரி, கேன்
7050 சோப்பு, பினாயில், துடைப்பம்
7060 ரிப்பேர்
7070 ஆப் கமிஷன்
7080 கார்டு மெஷின் கட்டணம்
7090 விளம்பரம், போர்டு
7100 லைசென்ஸ், கணக்குக் கட்டணம்
7900 இதர செலவு

மின்சார பில் ரெண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும். மீட்டரைப் பார்த்து மாதாமாதம் ஒரு உத்தேசத் தொகையை 7020-ல் எழுதி 2060-ல் நிறுத்தி வை, பில் வந்ததும் நேர் செய்துகொள். கேஸைச் சரக்கோடு சேர்க்கலாமா என்று கேட்டாய். சேர்க்கிறவர்களும் உண்டு. நான் தனியாக வைத்தேன், ஏனென்றால் 19 கிலோ சிலிண்டர் விலை அடிக்கடி மாறும், சாப்பாட்டுச் சரக்கு ஏறியதா கேஸ் ஏறியதா என்று தனித்தனியாகத் தெரிய வேண்டும்.

7900 மொத்த விற்பனையில் 1 சதவீதத்தைத் தாண்டினால் எனக்கு போன் பண்ணு, உள்ளே எதையோ ஒளித்து வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

8010 கடன் வட்டி
8020 தேய்மானம்

இனி ஐந்தொகைப் பக்கம். ஐயா பேரேடு எழுதின காலத்தில் இதைத்தான் முதலில் பார்ப்பாராம், நாம் கடைசியில் பார்க்கிறோம்.

1010 கல்லா ரொக்கம்
1020 கைச்செலவுப் பெட்டி
1030 பேங்க் நடப்புக் கணக்கு
1040 கார்டு, யுபிஐ வர வேண்டியது
1050 ஆப்பிலிருந்து வர வேண்டியது
1060 விருந்து ஆர்டர் பாக்கி
1070 டிடிஎஸ் பிடித்தம்
1100 சரக்கு இருப்பு
1200 கட்டட அட்வான்ஸ்
1210 சிலிண்டர், மின் இணைப்பு டெபாசிட்
1300 கிரைண்டர், அடுப்பு, ஃப்ரீஸர்
1310 மேசை, நாற்காலி, தட்டு
1390 தேய்மானம் (கழிக்க)
2010 கடைக்காரர்களுக்குத் தர வேண்டியது
2020 விருந்து ஆர்டர் முன்பணம்
2030 சம்பளம் தர வேண்டியது
2040 சிஜிஎஸ்டி 2.5 சதவீதம்
2050 எஸ்ஜிஎஸ்டி 2.5 சதவீதம்
2060 மின்கட்டணம் தர வேண்டியது
2100 பேங்க் கடன்
3010 முதல்
3020 வீட்டுக்கு எடுத்தது
3030 சேர்ந்த லாபம்

2020-ஐ மறக்காதே. ஆவணி முகூர்த்தத்துக்கு ஆடியிலேயே 25,000 முன்பணம் வாங்குவாய், அது ஆடி விற்பனை இல்லை, அவர்களுக்கு நீ தர வேண்டிய விருந்து. இலை போட்ட அன்றுதான் 4040-க்கு மாற வேண்டும். விருந்துக்குத் தனியாக வாங்கிய கறி, தனியாக வந்த ஆட்களின் கூலி எல்லாவற்றுக்கும் "விருந்து" என்று ஒரு காஸ்ட் சென்டர் போட்டிருக்கிறேன், தலைப்பு அதே 5010, 6030 தான். இப்படிச் செய்தால் தலைப்பை இரட்டிக்காமலே விருந்தின் லாபம் தனியாக வரும்.

கட்டட அட்வான்ஸும் சிலிண்டர் டெபாசிட்டும் திரும்பி வருகிற பணம், செலவில் எழுதிவிடாதே. 3020-க்கும் அதே கண்டிப்பு. ஆத்தாவுக்கு மருந்து, பிள்ளை பள்ளிக்கூட பீஸ், கல்லாவிலிருந்து எடுத்தால் எல்லாம் 3020. கடைச் செலவில் ஒளிந்தால் கடை நஷ்டத்தில் ஓடுகிறது என்று நீயே நம்ப ஆரம்பித்துவிடுவாய்.

டாலியில் 5000 முழுக்க Purchase Accounts, 6000 Direct Expenses, 7000-மும் 8000-மும் Indirect Expenses. 5190-ம் 6040-ம் ஜர்னல் என்ட்ரியில் வரும்.

மாத ரிப்போர்ட் எப்படி வரும் என்று காட்ட ஒரு உத்தேசக் கணக்கு, நீ இவ்வளவு விற்பாய் என்று ஜோசியம் சொல்லவில்லை:

```
4000 விற்பனை            4,80,000   100%
5000 சரக்கு             1,87,200    39%
6000 ஆள்கூலி            1,05,600    22%
     சரக்கு + ஆள்       2,92,800    61%
7000 நடத்துகிற செலவு      96,000    20%
     கடையின் மிச்சம்      91,200    19%
8000 வட்டி, தேய்மானம்     30,000
     லாபம்                61,200
```

நடுவில் இருக்கிற 61-ஐத்தான் மாதாமாதம் பார்க்கணும். வாடகையை நீ நினைத்தாலும் குறைக்க முடியாது, இந்த ரெண்டும் உன் கையில் இருக்கிறது. அது ஏறினால் 5000-க்குள் இறங்கி எந்த வரி ஏறியது என்று பார், அதற்காகத்தான் அந்த வரிகள். 61,200-க்கும் பேங்கில் இருக்கிற பணத்துக்கும் சம்பந்தம் இல்லாமல் இருந்தால் 3020, 2100, 1100 மூன்றையும் பார்த்துவிட்டு அப்புறம் எனக்கு போன் பண்ணு.

புதுத் தலைப்பு வேண்டும் என்றால் நீயாக ஏற்றாதே, பில் கவுண்டர் பையனுக்கும் அந்த அனுமதி வேண்டாம், வருஷக் கடைசி வரைக்கும் ஒரு பேப்பரில் எழுதி வை. சனிக்கிழமை சாயங்காலம் வருகிறேன், லேப்டாப்பை சார்ஜ் போட்டு வை, கல்லாவில் முதல் நாள் எவ்வளவு சில்லறை போடப் போகிறாய் என்பதையும் எண்ணி வை, 1010-ல் முதல் என்ட்ரி அதுதான்.