மூன்று கைப்பிடி

"கொஞ்சம் நில்லு பாட்டி!" மாவு டப்பாவையே தராசில் வைத்துப் பூஜ்ஜியமாக்கியிருந்தாள் பேத்தி. பாட்டி அள்ள அள்ள, குறைந்த எடை திரையில் தெரியும். முதல் பிடி 64 கிராம். அடுத்தது 71. மூன்றாவது 59.

"ஒவ்வொண்ணும் வேற வேற."

"மூணும் சேர்ந்து?"

"194."

"நேத்து?"

நோட்டைப் புரட்டினாள். 196.

உப்புதான் தகராறு செய்தது. மூன்று விரல் சிட்டிகை ஒரு கிராமுக்கும் குறைவு; தராசு அசையவே இல்லை. தனிக் கிண்ணத்தில் பத்துச் சிட்டிகை போடச் சொன்னாள். 5 கிராம். அப்படியானால் சிட்டிகை அரை கிராம், மாவுக்கு ஆறு சிட்டிகை. எழுதிக்கொண்டாள்.

தண்ணீர் நேற்று 118 கிராம். இன்றும் அதையே அளந்து மொத்தமாக ஊற்றப் போனவளின் மணிக்கட்டைப் பாட்டி பிடித்துக்கொண்டாள்.

"மூணு நாளா மழை, டப்பா மூடியும் சரியா மூடலை. மாவு ஈரம் குடிச்சிருக்கும். நூறு ஊத்திப் பிசை, மீதியைக் கரண்டி கரண்டியா விடு."

112-லேயே மாவு விரலில் ஒட்டாமல் திரண்டது. ஈரத்துணி போட்டு இருபது நிமிடம். பிறகு விரலால் அழுத்தினால் குழி மெதுவாக மேலெழுந்தது.

"இப்ப நீ அள்ளு."

அவள் பிடி 38 கிராம்தான்.

"உனக்கு அஞ்சு பிடி," என்றாள் பாட்டி, தராசைப் பார்க்காமலே.