34, கோவை. காதல் வேண்டும், உடலுறவு வேண்டாம்

முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பத்து நாள் பேசிப் பழகிய பிறகு சொன்னால் இரண்டு பேருக்கும் சங்கடம். நான் ஏசெக்சுவல். யார் மீதும் எனக்குப் பாலீர்ப்பு வருவதில்லை, இதுவரை ஒரு தடவைகூட வந்ததும் இல்லை. காதல் வரும். நன்றாகவே வரும், மெசேஜ் வரவில்லையே என்று ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை நிமிர்த்திப் பார்க்கிற அளவுக்கு வரும். இதுவரை ஆண்கள் மீதுதான் வந்திருக்கிறது. சேர்ந்து வாழ ஒரு காதல் துணையைத் தேடுகிறேன். ரூமைப் பகிர்ந்துகொள்ள ஆள் தேடுவதாக நினைத்துவிடாதீர்கள், நான் தேடுவது காதலனைத்தான்.

சொந்த ஊர் சேலம். கோவைக்கு வந்து பதினொரு வருடம் ஆகிறது. ஒரு ஸ்பின்னிங் மில்லில் குவாலிட்டி லேப்பில் வேலை. நூலின் கவுண்ட் சரியா, எவ்வளவு இழுவை தாங்கும், எங்கே தடித்திருக்கிறது, எங்கே மெலிந்திருக்கிறது என்று பார்த்து எழுதுவதுதான் நாள் முழுக்க. கேட்பவர்கள் கொட்டாவி விடுவார்கள், எனக்குப் பிடித்த வேலை. கடையில் யாராவது சட்டையை விரித்துக் காட்டினால் நான் முதலில் உள்பக்கம் திருப்பித் தையலைத்தான் பார்ப்பேன், கூட வருகிறவருக்கு மானம் போகும், முன்கூட்டியே மன்னிப்பு. என் ஜாக்கெட்டை நானே தைத்துக்கொள்வேன். பீளமேடு பக்கம் ஒரு சின்ன வீட்டில் தனியாக இருக்கிறேன். அம்மா சேலத்தில் அண்ணனோடு இருக்கிறார், அப்பா இல்லை. மாதம் ஒரு தடவை ஊருக்குப் போவேன், பாதிக் காரணம் அம்மா, பாதிக் காரணம் தட்டுவடை செட். கோவையிலும் கிடைக்கிறது, ஆனால் இங்கே பீட்ரூட்டை ஏனோதானோ என்று போடுகிறார்கள். கோவைக்காரர்கள் சண்டைக்கு வரலாம், அதற்குப் பதிலாக உங்கள் சிறுவாணித் தண்ணீரைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

சரி, ஏசெக்சுவல் என்றால் என் விஷயத்தில் என்ன என்று சொல்கிறேன், ஆளுக்கு ஆள் இது மாறும். ஒருவர் அழகாக இருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். குரல் பிடிக்கும், கை பிடிக்கும், அவர் சட்டைக் கையை மடித்துவிடுகிற விதம் பிடிக்கும். பக்கத்தில் உட்கார வேண்டும் என்று இருக்கும். அதற்கு மேல் போக வேண்டும் என்று உடம்போ மனசோ கேட்பதில்லை. நம் பேச்சில் காதல், காமம் என்று இரண்டு தனிச் சொற்கள் இருக்கின்றன, பழைய பாட்டுகளில் இரண்டும் கலந்துதான் வரும் என்பது தெரியும், ஆனால் எனக்குள் அவை கலக்கவே இல்லை, ஒன்று மட்டும்தான் இருக்கிறது.

இது விரதம் இல்லை. சின்ன வயதில் எனக்கு எதுவும் நடக்கவில்லை, ஆண்கள் மீது கோபமும் இல்லை. தைராய்டு, ஹார்மோன் எல்லாம் அம்மாவின் திருப்திக்காக ஒரு தடவை பார்த்தாகிவிட்டது, எல்லாம் நார்மல். ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர், கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்றார். எது சரியாக வேண்டும் என்று கேட்டேன், அவர் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார். அப்புறம் நானே தேடிப் படித்தபோதுதான், தன்னை ஏசெக்சுவல் என்று சொல்லிக்கொள்பவருக்கு ஆசைக்குறைவு நோய் என்று பெயர் வைக்கக் கூடாது என அமெரிக்க மனநல மருத்துவர்களின் 2013ஆம் வருடக் கையேட்டிலேயே இருக்கிறது என்று தெரிந்தது. அதைப் படித்தபோது எனக்கு 27 வயது. அன்றைக்கு ராத்திரி ரொம்ப நாளைக்கு அப்புறம் நன்றாகத் தூங்கினேன்.

கனடாவைச் சேர்ந்த ஆந்தனி போகார்ட் என்ற ஆய்வாளர், பிரிட்டனில் 18,000 பேருக்கு மேல் கேட்டு எடுத்த ஒரு கணக்கெடுப்பை வைத்து, சுமார் நூற்றுக்கு ஒருவர் இப்படி இருக்கிறார் என்று 2004இல் எழுதினார். நம் ஊரில் எப்படியோ, அந்தக் கணக்கு ஓரளவு பொருந்தினாலும் கோவைக்குள் மட்டும் ஆயிரக்கணக்கில் இருக்க வேண்டும். எல்லோரும் எங்கே ஒளிந்திருக்கிறீர்கள்? எங்கள் லேப்பில் நூற்றுக்கு ஒன்று என்பது சின்ன விஷயம் இல்லை, லாட்டையே நிறுத்திவைத்துவிடுவோம்.

இனி, கேட்கத் தயங்கி எல்லோரும் சுற்றி வளைக்கிற கேள்வி. கை கோர்த்து நடப்பது பிடிக்கும். கட்டிப்பிடிப்பது ரொம்பப் பிடிக்கும், வேலை முடிந்து வந்ததும் ஒரு நிமிடம் பேசாமல் கட்டிக்கொண்டு நின்றால் போதும், பாதிக் களைப்பு போய்விடும். ஒரே கட்டிலில் தூங்கலாம், காலைத் தூக்கி மேலே போடுவேன், குளிர்காலத்தில் போர்வையை இழுத்துக்கொள்வேன் என்று புகார் உண்டு. நெற்றியில், கன்னத்தில் முத்தம் சரி. உதட்டில் எப்போதாவது, ஆனால் அது அடுத்த படிக்கான ஆரம்பம் என்று எடுத்துக்கொண்டால் எனக்கு உடம்பு இறுகிவிடும். உடலுறவு இல்லை. ஏசெக்சுவலாக இருப்பவர்களில் துணைக்காகச் சம்மதிக்கிறவர்களும் இருக்கிறார்கள், அது அவர்கள் விருப்பம், நான் அந்த வகை இல்லை. "இப்போதைக்கு இல்லை" என்று இதை யாரும் படித்துக்கொள்ள வேண்டாம்.

முன்பு ஒருவரோடு மூன்று வருடம் இருந்தேன். திருப்பூரில் வேலை, ஞாயிற்றுக்கிழமை ஆனால் பஸ் பிடித்து வந்துவிடுவார். நல்ல மனிதர். எனக்கு எப்படி என்று முதல் மாதத்திலேயே சொன்னேன், பரவாயில்லை என்றார், மனதாரத்தான் சொன்னார். ஆனால் உள்ளுக்குள் காத்துக்கொண்டிருந்தார் என்பது இரண்டாம் வருடம்தான் இரண்டு பேருக்குமே புரிந்தது. அவர் கேட்கவே மாட்டார், கேட்காமல் இருப்பதற்கு அவர் படுகிற பாட்டை நான் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், என்னால் அவர் வதங்குகிறார் என்று எனக்குக் குற்ற உணர்ச்சி, அதை மறைக்க நான் கலகலப்பாகப் பேச, அது அவருக்கு நம்பிக்கை கொடுக்க... எத்தனை மாதம் இப்படி. உக்கடம் பெரியகுளக் கரையில் உட்கார்ந்து பேசிப் பிரிந்தோம். சண்டை இல்லை. அவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, பத்திரிகை வந்தது, போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். நீங்களும் ஏசெக்சுவல் என்றால் நமக்கு வேலை மிச்சம். இல்லை, உங்களுக்கு ஆசை உண்டு, ஆனால் அது இல்லாமல் வாழ்க்கை நடத்த முடியும் என்றால் பேசலாம், ஆனால் எனக்கு உடனே பதில் வேண்டாம். இரண்டு வாரம் எடுத்துக்கொண்டு யோசியுங்கள், ஐம்பது வயதில் உங்களை நினைத்துப் பாருங்கள். வெளியே வேறொருவரை வைத்துக்கொள்வது சிலருக்கு ஒத்துவரும், பேசி வைத்துக்கொண்டு நன்றாகவே வாழ்கிறார்கள், எனக்கு ஒத்துவராது. பொறாமை எனக்கு ஜாஸ்தி. காமம் இல்லாதவளுக்குப் பொறாமை எதற்கு என்று கேட்காதீர்கள், அது காதலோடு வருவது.

வயது 30இலிருந்து 42 வரை. விவாகரத்து ஆனவர், மனைவியை இழந்தவர் தாராளமாக எழுதலாம். சாதி கேட்கிறவர்கள் வேண்டாம், ஜாதகம் கேட்டால் சிரிப்பேன், ஆனால் அம்மாவிடம் ஒரு காப்பி இருக்கிறது. சிகரெட் வேண்டாம், மில் பஞ்சுக்கே என் மூக்கு போதும். சமையல் தெரியாவிட்டால் பரவாயில்லை, பாத்திரம் தேய்க்கத் தெரிய வேண்டும். நான் கோபம் வந்தால் பேசாமல் இருந்துவிடுவேன், ஒருநாள் முழுக்கக்கூட. நல்ல பழக்கம் இல்லை, இப்போது அரைநாளாகக் குறைத்திருக்கிறேன்.

கல்யாணம் பற்றி. சேர்ந்து ஒரு வருடமாவது பழகிய பிறகு, இரண்டு பேருக்கும் தோன்றினால், பதிவுத் திருமணம் செய்துகொள்ளலாம். 1954ஆம் வருடச் சிறப்புத் திருமணச் சட்டத்தில் 30 நாள் நோட்டீஸ் உண்டு, அந்த முப்பது நாளில் சொந்தக்காரர்கள் யார் யார் வருவார்கள் என்று பட்டியலே வைத்திருக்கிறேன். இன்னொரு விஷயமும் தெரிந்திருக்கட்டும். தகுந்த காரணம் இல்லாமல் கணவனோ மனைவியோ நீண்ட நாள் உடலுறவை ஒருதலையாக மறுத்தால் அது மனக்கொடுமை ஆகலாம் என்று சமர் கோஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2007இல் சொல்லியிருக்கிறது. அது இருவரும் சேர்ந்து எடுக்கிற முடிவைப் பற்றியது இல்லை, ஒருதலையான முடிவைப் பற்றியது. ஆகவே இதைத் தெரியாமல் யாரும் என்னைக் கட்டிக்கொள்ளக் கூடாது என்பதில் கறாராக இருக்கிறேன். பெண் பார்க்க வந்த இரண்டு வீட்டில் மாப்பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு நானே சொல்லிவிட்டேன். ஒருவர் ரொம்ப மரியாதையாக, "சொன்னதுக்கு நன்றிங்க" என்றார். இன்னொருவர் தன் அம்மாவிடம் சொல்லிவிட்டார், அதற்கப்புறம் எங்கள் வீட்டில் பெண் பார்க்கும் படலமே நின்றது. ஒரு வகையில் உபகாரம்.

அம்மாவுக்குப் பாதி தெரியும். "உனக்குத் துணைன்னு ஒருத்தர் இருந்தா போதும்மா, மத்தது உங்க பாடு" என்று போன தீபாவளிக்குச் சொன்னார். அதுவே பெரிய விஷயம். அண்ணனுக்கு இன்னும் புரியவில்லை.

குழந்தை பற்றி முடிவு செய்யவில்லை. வேண்டும் என்று இரண்டு பேரும் நினைத்தால் தத்தெடுக்கலாம். தம்பதியாக விண்ணப்பிக்கத் திருமண வாழ்க்கை இரண்டு வருடமாவது நிலையாக இருந்திருக்க வேண்டும் என்பது விதி, அதனால் யோசிக்க நேரம் இருக்கிறது. குழந்தையே வேண்டாம் என்றாலும் எனக்குச் சம்மதம்தான். கண்டிப்பாகச் சொந்த ரத்தம்தான் வேண்டும் என்பவர்களுக்கு நான் சரிப்பட மாட்டேன்.

எனக்கு என்ன வேண்டும் என்று சுருக்கமாகச் சொல்லத் தெரியவில்லை. ராத்திரி பவர் கட் ஆனால் மொட்டைமாடியில் பாய் போட்டு ஒருவர் மடியில் ஒருவர் தலை வைத்துப் பேச வேண்டும். எனக்குக் காய்ச்சல் என்றால் ரசம் வைக்கிறேன் என்று அடுப்படியை நாசம் செய்ய வேண்டும். நான்கு பேர் முன்னால் "இவங்க என் வீட்டுக்காரங்க" என்று கூச்சப்படாமல் சொல்ல வேண்டும். நானும் உங்களைப் பற்றி அப்படியே சொல்வேன்.

"ட்ரை பண்ணாமலே எப்படித் தெரியும்", "சரியான ஆள் கிடைக்கவில்லை போல" என்று ஆரம்பிக்கிற மெசேஜுக்குப் பதில் வராது. கேள்வி கேட்பது வேறு, தெரியாததை நேரடியாகக் கேளுங்கள், கோபப்பட மாட்டேன்.

எழுதுவதாக இருந்தால் வெறும் 'ஹாய்' வேண்டாம். மேலே எழுதியதில் எது உங்களுக்கு உறுத்தியது, எது ஒத்துவந்தது என்று இரண்டு வரி, கடைசியாக நீங்கள் சமைத்தது என்ன என்று ஒரு வரி. பெயரை அப்போது சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு மேல் நான் ஃப்ரீ. ரேஸ் கோர்ஸில் ஒரு சுற்று நடந்துவிட்டு எங்காவது காபி குடிக்கலாம், முதல் தடவை காசு நான் கொடுக்கிறேன்.