காஜா பையன்

பட்டன் மூட்டையைக் கவிழ்த்ததும் நிறம் பார்த்துப் பிரித்தான் பையன். மாலைக்குள் வெள்ளையே மலையானது. சட்டை, கோட்டு எல்லாம் கலந்து.

"முதல்ல கண்ணை எண்ணுடா," என்றார் மாஸ்டர். "ரெண்டு, நாலு, அடியில வளையம் வச்சது. அப்புறம் அளவு. நிறம் கடைசி, அதுவும் பகல் வெளிச்சத்துல."

முனகிக்கொண்டே கலைத்தான். அட்டையில் 10, 12, 16 மில்லிமீட்டர் துளைகள் போட்டான். முதலாவதில் விழுந்தது காலர் பட்டன், அடுத்தது சட்டை, மூன்றாவது கோட்டுக் கை. நின்றது கோட்டு முன்பக்கம். விளிம்பு உடைந்தவை தனி, நூலை அறுத்துவிடும்.

காலையில் ஜன்னலோரம் வைத்தால் வெள்ளையில் பாதி யானைத்தந்த நிறம்!

"ஒரு சட்டைக்கு ஏழு எடு."

ஆறுதான் ஒத்துப்போனது. மாஸ்டர் வாய் திறக்குமுன் 12 குவியலை மறுபடி கொட்டினான்.