பொருள்: தீபாவளி பெட்டிகள், இரண்டாம் லோடு – ஒப்பந்தம் 11ஆம் பிரிவின்படி தாமதக் கழிவு

6 அக்டோபர் 2025

அன்புள்ள வேலு அண்ணன் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் லோடு 14,000 முறுக்குப் பெட்டிகளும் வியாழக்கிழமை ஸ்டோருக்கு வந்து சேர்ந்தன. எண்ணிக்கை சரி. அச்சு நிறம் முதல் லோடோடு அப்படியே ஒத்துப்போகிறது, மூடியும் இறுக்கமாக உட்காருகிறது. தரத்தில் எங்களுக்குக் குறையே இல்லை. குறை தேதியில்தான்.

ஒப்பந்தப்படி இந்த லோடு 22 செப்டம்பருக்குள் வந்திருக்க வேண்டும். வந்தது 2 அக்டோபர். 10 நாள் தாமதம். 11ஆம் பிரிவில் முதல் 2 நாட்களுக்குக் கழிவு கிடையாது. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளுக்கும் தாமதமான சரக்கின் மதிப்பில் 0.5 விழுக்காடு, மொத்தத்தில் 10 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது என்று இருக்கிறது. பெட்டிக்கு 1.60 ரிங்கிட் வீதம் இந்த லோடின் மதிப்பு 22,400 ரிங்கிட். நாளுக்கு 112 ரிங்கிட், 8 நாட்களுக்கு 896 ரிங்கிட். நேரத்துக்கு வந்துவிட்ட முதல் 10,000 பெட்டிகளை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

இந்த 896 ரிங்கிட்டுக்கு ஒரு கிரெடிட் நோட் அனுப்பிவிடுங்கள். நாங்களாகவே பில்லில் வெட்டிக்கொண்டு மீதியை அனுப்புவது முறையாக இருக்காது. கிரெடிட் நோட் கைக்கு வந்தால் 30 நாள் தவணைக்குக் காத்திராமல், மூன்று வேலை நாட்களுக்குள் 21,504 ரிங்கிட்டை உங்கள் கணக்கில் போட்டுவிடுகிறோம். பண்டிகை நேரத்தில் உங்கள் ஆட்களுக்கும் சம்பளம், போனஸ் என்று செலவு இருக்கும் என்பது தெரியும்.

அச்சு இயந்திரத்தின் உதிரிபாகம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டியிருந்தது என்று சொன்னீர்கள். அதை முழுதாக நம்புகிறேன். ஆனால் எதிர்பாராத நிகழ்வுகளுக்கான 14ஆம் பிரிவில் இயந்திரப் பழுது இல்லை. அதோடு, பழுதான செய்தி எங்களுக்கு வந்ததே 25 செப்டம்பரில், கொடுக்க வேண்டிய தேதி தாண்டிய பிறகு. உண்மையில் எங்களை அதிகம் பாதித்தது இதுதான் அண்ணே. தீபாவளி 20 அக்டோபர். கோலாலம்பூருக்கும் ஈப்போவுக்கும் போகும் சரக்கு முதல் வாரத்திலேயே லாரி ஏறியாக வேண்டும். பெட்டி வரும் என்று நம்பி பேக்கிங் வேலைக்குத் தற்காலிக ஆட்களை வரவழைத்துவிட்டு, வேலை இல்லாமலே நாள் கூலி கொடுத்தோம். பிறகு அதே ஆட்களுக்கு ஓவர்டைம். பொரித்த முறுக்கைப் பெட்டி வரும்வரை அடுக்கி வைக்கவும் முடியாது, நமுத்துவிடும். ஒரு வாரம் முன்னாலேயே தெரிந்திருந்தால் பொரிப்பதைத் தள்ளிப்போட்டிருப்போம். அந்தச் செலவுகள் எதையும் உங்களிடம் கேட்கவில்லை. ஒப்பந்தத்தில் இருவரும் ஒத்துக்கொண்ட தொகையை மட்டுமே கேட்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சரக்கை இறக்கும்போது டெலிவரி ஆர்டரில் எங்கள் ஸ்டோர்காரர் "தாமதம், 11ஆம் பிரிவு பொருந்தும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதைப் பார்த்து உங்கள் டிரைவருக்கு முகம் வாடிப்போனதாகக் கேள்விப்பட்டேன். அது கோபத்தில் எழுதியதில்லை. தேதி முக்கியமான ஒப்பந்தத்தில், தாமதமாக வந்த பொருளை ஏற்றுக்கொள்ளும்போதே இழப்பீடு கேட்கப்போகிறோம் என்று சொல்லாவிட்டால் பிறகு கேட்க முடியாது என்று 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 56ஆம் பிரிவு சொல்கிறது. அதனால் எழுதச் சொன்னது நான்தான். டிரைவரிடம் தயவுசெய்து சொல்லிவிடுங்கள்.

நாட்களை எண்ணியதில் தவறு இருப்பதாக நினைத்தால் 13 அக்டோபர் திங்கட்கிழமைக்குள் எழுதுங்கள். உங்கள் டிஓ நகல்களோடு உட்கார்ந்து பார்த்துவிடலாம். வேண்டுமானால் நானே பிறைக்கு வந்து பேசுகிறேன்.

அப்புறம், பொங்கல் ஆர்டர். அதையும் உங்களிடமே கொடுக்க விரும்புகிறோம், வேறு யாரிடமும் விலை கேட்கவில்லை. இந்த முறை அச்சு வடிவத்தை நவம்பர் முதல் வாரத்திலேயே இறுதி செய்து தருகிறோம். தீபாவளி வடிவத்தில் நாங்கள் கேட்ட திருத்தங்களை நீங்கள் முகம் சுளிக்காமல் செய்து கொடுத்ததை மறக்கவில்லை. உங்கள் பக்கம் ஒன்றே ஒன்று வேண்டும்: ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எத்தனை பெட்டி அச்சாகி முடிந்தது என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி. இயந்திரம் நின்றால் அன்றைக்கே ஒரு போன். முன்கூட்டியே தெரிந்தால் தேதியை எழுத்தில் மாற்றிக்கொள்ளலாம், கழிவுக்கே வேலை வராது.

கிரெடிட் நோட்டை இந்த மின்னஞ்சலுக்கே அனுப்புங்கள். நிதிப் பிரிவுக்கு நான் சேர்த்துவிடுகிறேன். அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் எல்லோருடைய தீபாவளி வாழ்த்துகளைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
லோகேஸ்வரி
கொள்முதல் பிரிவு
ஜார்ஜ்டவுன், பினாங்கு

இணைப்பு: கையெழுத்திட்ட டெலிவரி ஆர்டர் நகல், ஒப்பந்தத்தின் 11, 14ஆம் பிரிவுகள்