தானிய அறிவியல் தேர்வு, வினா 7: சோறும் பிரெட்டும்

வினா 7 (16 மதிப்பெண்)

ஒரு விடுதி சமையலறையில் பகலில் வடித்த பச்சரிசிச் சோறு மிச்சமாகி, மூடிய பாத்திரத்தில் 4 டிகிரி ஃபிரிட்ஜில் வைக்கப்பட்டது. மறுநாள் காலை பருக்கைகள் விறைத்திருந்தன. அதே ஃபிரிட்ஜில் 400 கிராம் பிரெட் பாக்கெட் ஒன்று பிரிக்காமல் 3 நாள் இருந்தது. எடுத்து நிறுத்தபோது 399 கிராம், ஆனால் துண்டுகள் காய்ந்தவை போல உதிர்ந்தன. சூடாக்கியதும் சோறு, பிரெட் இரண்டுமே மெத்தென்று ஆயின. காரணங்களை விளக்குக. பிரெட் பழசாவதைத் தள்ளிப்போட என்ன செய்யலாம்?

விடை

எடையிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் கேள்வியின் சாவி அதில்தான் இருக்கிறது. 400 கிராம் 399 ஆகியிருக்கிறது, அதாவது தண்ணீர் எங்கும் போகவில்லை, பாக்கெட்டுக்குள்ளேயேதான் இருக்கிறது. அப்படியும் பிரெட் காய்ந்தது போல உதிர்கிறது என்றால் அது உலர்ந்ததால் வந்தது இல்லை. 1852இலேயே பூசாங்கோ என்ற பிரெஞ்சு வேதியியலாளர், ஈரம் வெளியேறாமல் அடைத்து வைத்தாலும் பிரெட் பழசாகிறது, சூடாக்கினால் திரும்பவும் மெத்தென்று ஆகிறது என்று காட்டிவிட்டார். நடந்தது மாவுச்சத்தின் உள் அமைப்பில் ஏற்பட்ட மாற்றம். அதைப் புரிந்துகொள்ள முதலில் சோறு வேகும்போது என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

அரிசியில் மாவுச்சத்து 3 முதல் 8 மைக்ரான் அளவுள்ள பலகோணத் துகள்களாக நெருக்கி அடுக்கப்பட்டிருக்கிறது. துகளுக்குள் இரண்டு வகை மூலக்கூறு: பெரும்பாலும் நீட்டுச் சங்கிலியான அமைலோஸ், கிளை கிளையாகப் பிரியும் அமைலோபெக்டின். அமைலோபெக்டினின் கிளைகள் இரண்டிரண்டாக முறுக்கிக்கொண்டு படிகமாக அடுக்கப்பட்டிருப்பதால்தான் பச்சை மாவு குளிர்ந்த தண்ணீரில் கரையாமல் அடியில் படிகிறது. ஊறும்போது கொஞ்சம் தண்ணீர் உள்ளே போகும், உலர்த்தினால் வெளியே வந்துவிடும், துகள் பழையபடி ஆகிவிடும். ஆனால் சூடு ஏறி ஒரு வரம்பைத் தாண்டினால் திரும்ப வழியில்லை: ஹைட்ரஜன் பிணைப்புகள் அறுந்து, படிகம் உருகி, தண்ணீர் உள்ளே புகுந்து துகள் பல மடங்கு ஊதி, அமைலோஸ் வெளியே கசியும். இதுதான் ஜெலட்டினைசேஷன். அரிசியில் இது ரகத்தைப் பொறுத்து சுமார் 55 முதல் 79 டிகிரிக்குள் நடக்கும்.

செய்முறை வகுப்பில் இதை நேரில் பார்த்தேன். சூடாக்கும் தட்டு வைத்த நுண்ணோக்கியில், துருவ ஒளியில், ஒவ்வொரு துகளிலும் ஒரு சின்ன சிலுவை மின்னியது, உள்ளே அடுக்கு ஒழுங்காக இருப்பதன் அடையாளம் அது. 68 டிகிரி வரை ஒன்றும் ஆகவில்லை, பிறகு ஒன்று அணைந்தது, அப்புறம் இன்னொன்று, 75க்குள் பார்வையில் இருந்த எல்லாமே அணைந்துவிட்டன. அடுக்கு குலைந்தது என்று புத்தகத்தில் படிப்பதற்கும் அதைக் கண்ணால் பார்ப்பதற்கும் நிறைய வித்தியாசம். ஒரே அரிசியில் கூட எல்லாத் துகளும் ஒரே நேரத்தில் வேகாது, அதனால்தான் இந்த வெப்பநிலையை ஒற்றை எண்ணாகச் சொல்லாமல் வீச்சாகச் சொல்கிறோம்.

சரி, 75 டிகிரியே போதும் என்றால் 100 டிகிரி கொதியில் சோறு வேக ஏன் 15, 20 நிமிஷம் ஆகிறது? சூடு சீக்கிரம் உள்ளே போய்விடுகிறது, தண்ணீர்தான் மெதுவாகப் போகிறது. போதிய தண்ணீர் இல்லாமல் படிகம் இந்த வெப்பநிலையில் உருகாது. வெந்துகொண்டிருக்கும் பருக்கையை இரண்டு கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவே வைத்து நசுக்கினால் நடுவில் வெள்ளைப் பொட்டு தெரியும், அது தண்ணீர் எட்டாத இடம். அந்தப் பொட்டு பத்தில் ஒன்பது பருக்கையில் மறைந்தால் வெந்தது என்று சோதனைக்கூடத்தில் கணக்கு. வீட்டில் இதையே விரலால் நசுக்கிப் பதம் பார்க்கிறார்கள்.

இப்போது ஃபிரிட்ஜில் நடந்தது. சூடு தணிந்ததும் குலைந்த சங்கிலிகள் திரும்ப ஒன்றை ஒன்று தேடிப் பக்கத்தில் சேர்ந்து படிகமாகத் தொடங்குகின்றன, இது ரெட்ரோகிரடேஷன். பழைய துகள் திரும்பி வருவதில்லை. இது வேறு அடுக்கு, எக்ஸ்ரேயில் பச்சைத் தானியத்தின் ஏ வகைக்குப் பதிலாக பி வகை வடிவம் தெரியும். இதில் இரண்டு வேகம் உண்டு, கலந்துவிடக் கூடாது. அமைலோஸ் சில மணி நேரத்திலேயே இறுகிவிடும். வடித்த கஞ்சி ஆறும்போது கெட்டியாகிறதே, அதில் கசிந்த அமைலோஸுக்குப் பெரிய பங்கு உண்டு, பருத்திப் புடவைக்கு அந்தக் கஞ்சி போட்டால் விறைப்பாக நிற்பதற்கும் அது உதவுகிறது. அமைலோபெக்டின் நாள்கணக்கில் மெதுவாக இறுகும். அதனால் மறுநாள் காலைச் சோற்றின் விறைப்பில் அமைலோஸின் பங்கு பெரிது, 25 சதவீதத்துக்கு மேல் அமைலோஸ் உள்ள ரகம் என்றால் இன்னும் அதிகம் விறைக்கும். அமைலோஸ் அநேகமாக இல்லாத ஒட்டரிசி இதே ஃபிரிட்ஜில் அவ்வளவு சீக்கிரம் விறைக்காது.

புழுங்கல் அரிசியையும் இங்கே சொல்லிவிடுகிறேன். நெல்லை ஊறவைத்து, அவித்து, காயவைக்கும்போதே உமிக்குள் மாவுச்சத்து ஒரு முறை வெந்து இறுகிவிடுகிறது. அதனால்தான் அந்தச் சோறு குழையாமல் உதிரியாக நிற்கிறது, கஞ்சியில் கரைந்து போவதும் குறைவு.

பிரெட்டுக்கு வருவோம். சோற்றுப் பானையில் தண்ணீர் தாராளம், பிசைந்த மாவில் 100 கிராம் மாவுக்கு 60 கிராம் தண்ணீர்தான், அதையும் கோதுமைப் புரதமான குளுட்டன் பங்கு கேட்கிறது. அதனால் உள்பகுதி வேகும்போது 95 டிகிரியைத் தாண்டினாலும் கோதுமைத் துகள்கள் ஊதி வளைகின்றனவே தவிர முழுதாக உடைவதில்லை. மேலோட்டில் தண்ணீர் சீக்கிரம் ஆவியாகிவிடுவதால் வேகாத துகள்களே நிறைய மிஞ்சும். அடுப்பிலிருந்து எடுத்து ஆறும்போதே அமைலோஸ் இறுகி முடித்துவிடுகிறது, பிரெட் துண்டு போட முடிவதும் அதனால்தான். 3 நாளில் வந்த விறைப்பு பெரும்பாலும் அமைலோபெக்டினுடையது. புதுப் படிகம் கொஞ்சம் தண்ணீரைத் தனக்குள் பிடித்து வைக்கிறது, குளுட்டனுக்கும் மாவுச்சத்துக்கும் இடையில் ஈரம் இடம் மாறுகிறது, மொத்த எடை குறையாமலே நாக்குக்குக் காய்ந்தது போல இருக்கிறது. மேலோட்டில் நடப்பது நேர் எதிர்: உள்ளிருந்து ஈரம் வாங்கி மொறுமொறுப்பு போய்த் தோல் போல இழுபடும்.

சூடாக்கியதும் மெத்தென்று ஆனதற்குக் காரணம், அமைலோபெக்டின் படிகம் 60 டிகிரி வாக்கிலேயே உருகிவிடும். அமைலோஸ் படிகத்துக்கு 120 டிகிரிக்கு மேல் வேண்டும், அடுப்பில் வைத்தாலும் ஈரமான உள்பகுதி அந்தச் சூட்டுக்குப் போகாது, அது அப்படியே இருக்கும். சூடு பண்ணிய சோறு புதுச் சோறு போல வராததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

தள்ளிப்போட, முதலில் ஃபிரிட்ஜிலிருந்து எடுக்க வேண்டும். உறைநிலைக்குச் சற்று மேலே உள்ள 4 டிகிரி படிகம் கூடுவதற்கு மிகத் தோதான இடம், பூஞ்சை பிடிக்காதே தவிர பிரெட் அறை வெப்பத்தில் இருப்பதை விட அங்கே வேகமாக விறைக்கும். 2 நாளில் தீரும் என்றால் வெளியே வைக்கலாம், இல்லாவிட்டால் மைனஸ் 18இல் உறைய வைத்துவிடலாம், அங்கே சங்கிலிகள் நகரவே முடியாது. பேக்கரி அளவில் கிளிசரால் மோனோஸ்டியரேட் சேர்க்கிறார்கள், அதன் கொழுப்பு வால் அமைலோஸ் சுருளுக்குள் நுழைந்து அதைப் பிடித்து வைக்கிறது. எனக்குப் பட்ட வரை அதைவிட வலுவானது மால்டோஜெனிக் அமைலேஸ் நொதி, ஏனென்றால் அது நாள்பட்ட விறைப்புக்குக் காரணமான அமைலோபெக்டினின் வெளிக் கிளைகளையே கத்தரித்துக் குட்டையாக்குகிறது, குட்டைக் கிளைகளால் படிகமாகச் சேர முடிவதில்லை.